டோட்டல் கவுண்ட் கூடியிருக்கிறது: தொற்றா, ஒவ்வாமையா, ரத்தப் புற்றுநோயா? ரத்த அறிக்கையிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது. டிசம்பர் நடுவில் ஒரு காலை, சேலத்தில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு 36 வயதுப் பெண் ஒருவரும் அவருடைய கணவரும் வந்தார்கள். முதல் பேருந்தில் மலையிறங்கி வந்திருந்தார்கள். இருவரும் எஸ்டேட் தொழிலாளர்கள். இரண்டு மாதமாகத் தீராத அசதிக்காக வேறொரு கூடத்தில் எடுத்த ரத்த அறிக்கை கணவரின் சட்டைப்பையில் நான்காக மடிந்து இருந்தது. அதில் டோட்டல் கவுண்ட் எனப்படும் மொத்த வெள்ளணு எண்ணிக்கை 14,600 என்றும், வெள்ளணு வகைகளில் ஒன்றான மோனோசைட் 29 சதவீதம் என்றும் அச்சாகியிருந்தன. இரண்டாவது எண்ணை யாரோ சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள்.

"சார், மோனோசைட் இவ்வளவு இருந்தா ரத்தப் புற்றுநோய்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கணவர் கேட்டார். மனைவி எதுவும் கேட்கவில்லை. இடது காலால் வலது காலின் விரலிடுக்கைத் தேய்த்தபடியே நின்றார்.

அந்தக் கேள்விக்கு அந்தத் தாளை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. ஆனால் விடையை நெருங்குவதற்கு ஒரு வழி உண்டு. முழு ரத்த எண்ணிக்கை அறிக்கையை எடுத்து, அதனிடம் சில கேள்விகளை வரிசை மாறாமல் கேட்க வேண்டும். தொற்று, ஒவ்வாமை, ரத்தப் புற்றுநோய் ஆகிய மூன்றுமே வெள்ளணுக்களைக் கூட்டக்கூடியவை என்றாலும், எந்த வெள்ளணுவைக் கூட்டுகின்றன, எந்தப் பருவத்தில் அதை ரத்தத்துக்குள் அனுப்புகின்றன, கூடவே சிவப்பணுவையும் தட்டணுவையும் என்ன செய்கின்றன என்பவற்றில் அவை வேறுபடுகின்றன. நோயை உறுதிசெய்வது மருத்துவரின் வேலை. அவரிடம் போகும்போது அறிக்கையில் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கண்டு பதறத் தேவையில்லை என்பதைப் பரிசோதனைக் கூடத்துப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

இதை எண்ணியது எந்த இயந்திரம்?

பெரும்பாலோர் கேட்காமல் விடும் கேள்வி இதுதான். பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. சிறிய கூடங்கள் பலவற்றில் இருப்பது வெள்ளணுக்களை மூன்றாகப் பிரிக்கும் இயந்திரம். அது சிவப்பணுக்களைக் கரைத்துவிட்டு, எஞ்சிய வெள்ளணுக்களை ஒரு நுண்துளை வழியே ஒவ்வொன்றாகச் செலுத்தி, அளவை மட்டும் வைத்துத் தரம்பிரிக்கிறது. சிறியவை எல்லாம் `LYM%`, பெரியவை எல்லாம் `GRAN%`, நடுத்தரமானவை எல்லாம் `MID%` என்று திரையில் தெரியும். அந்த நடுப்பெட்டியில் மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில் ஆகியவற்றோடு, ரத்தப் புற்றுநோயில் வரும் முதிராத செல்களும் விழக்கூடும். எது எவ்வளவு என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது.

தட்டச்சு செய்பவர் வழக்கமான ஐந்து வகைப் படிவத்தை நிரப்பியாக வேண்டும் என்பதற்காக `MID%` எண்ணை அப்படியே மோனோசைட் என்ற இடத்தில் போட்டுவிடுகிறார். இதைச் செய்யும் கூடங்களின் மீது எனக்கு வருத்தம் உண்டு. எண் பொய்யில்லை, அதற்கு வைத்த பெயர்தான் பொய். ஆகவே அறிக்கையில் மோனோசைட் 12 சதவீதத்துக்கு மேல் போனால், அது மூன்று வகை இயந்திரத்தின் எண்ணா, ஐந்து வகை இயந்திரத்தின் எண்ணா, அல்லது கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தேய்த்து, சாயமேற்றி, நுண்நோக்கியில் ஒருவர் எண்ணியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தேய்ப்பைத்தான் ஸ்மியர் என்கிறோம். ஐந்து வகை இயந்திரம் நன்றாகவே பிரிக்கும். ஆனாலும் முதிராத செல்லைச் சந்தேகித்து அது எச்சரிக்கை காட்டினால், ஸ்மியர் பார்க்காமல் அறிக்கையை வெளியே அனுப்பக் கூடாது.

சதவீதமா, எண்ணிக்கையா?

வளர்ந்தவர்களுக்கு மொத்த வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம். அந்த மொத்தத்தில் ஒவ்வொரு வகையும் எத்தனை சதவீதம் என்பதைத்தான் டிஃபரன்ஷியல் கவுண்ட் என்ற பெயரில் அச்சிடுகிறார்கள். சதவீதம் என்பது பங்கு. ஒன்று குறைந்தால் மற்றது தானாகக் கூடியதுபோல் தோன்றும். டெங்குவில் மொத்த வெள்ளணு 2,400 ஆக இறங்கி, லிம்ஃபோசைட் 60 சதவீதம் என்று வந்தால், லிம்ஃபோசைட் கூடிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டால் 1,440 தான்; அது இயல்பான அளவு. உண்மையில் அங்கே நடந்தது நியூட்ரோஃபில் குறைந்தது.

எனவே எந்த அறிக்கை கையில் வந்தாலும் முதலில் ஒவ்வொரு வகையையும் எண்ணிக்கையாக மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தத்தைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் போதும்.

```
2,400 × 60 ÷ 100 = 1,440
```

வளர்ந்தவர்களுக்கு நியூட்ரோஃபில் ஏறத்தாழ 2,000 முதல் 7,500 வரை, லிம்ஃபோசைட் 1,000 முதல் 4,000 வரை, மோனோசைட் 1,000 வரை, ஈசினோஃபில் 500 வரை இருக்கலாம். பேசோஃபில் நூறைத் தாண்டுவது அரிது. சிறு குழந்தைகளுக்கு இந்த அளவுகளைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. நான்கைந்து வயது வரை அவர்களுடைய ரத்தத்தில் லிம்ஃபோசைட்டே அதிகம் இருக்கும்; அதைப் பார்த்துப் பயந்து வரும் பெற்றோர் எங்களுக்குப் புதியவர்கள் அல்லர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்மியரில் வழக்கமாக நூறு செல்களை எண்ணுவோம். நூறில் 34 ஈசினோஃபில் வந்தால், உண்மை அளவு 25 முதல் 44 வரை எங்கேயும் இருக்கலாம். நூறு மட்டுமே எண்ணுவதால் வரும் தவிர்க்க முடியாத தடுமாற்றம் அது. போன வாரம் 34, இந்த வாரம் 30, ஆகவே குணமாகிறது என்று சொல்வதில் பொருள் இல்லை.

நியூட்ரோஃபில் கூடியிருந்தால்

பாக்டீரியாத் தொற்றின் வழக்கமான கோலம் இது. நெத்திமேட்டிலிருந்து 57 வயது நீரிழிவு நோயாளி ஒருவர் காலில் சீழ் வைத்த புண்ணோடு வந்தார். மொத்தம் 22,400, நியூட்ரோஃபில் 88 சதவீதம், அதாவது 19,712. அந்த 88-இல் 11 செல்கள் பேண்ட் எனப்படும் இளம் நியூட்ரோஃபில்கள். முதிர்ந்த நியூட்ரோஃபிலின் உட்கரு மூன்று நான்கு முடிச்சுகளாகப் பிரிந்திருக்கும். பேண்ட் செல்லில் அது முடிச்சு விழாத வளைந்த நாடாவாக இருக்கும். செல்லுக்குள் வழக்கத்தைவிடக் கருத்த, தடித்த துகள்கள் நிறைந்திருந்தன. எலும்பு மஜ்ஜை அவசரத்தில் செல்களைத் தயாரித்து அனுப்புகிறது என்பதற்கு இவை அடையாளம். ஈசினோஃபில் பூஜ்யம்; கடும் பாக்டீரியாத் தொற்றில் ஈசினோஃபில் ரத்தத்திலிருந்து ஏறத்தாழ மறைந்தே போகும். நான்கு நாள் ஊசி மருந்துக்குப் பிறகு மொத்தம் 11,800 ஆக இறங்கியது, ஈசினோஃபில் 2 சதவீதமாகத் திரும்பி வந்தது. ஈசினோஃபில் திரும்பினால் நோயாளி தேறுகிறார் என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பழைய தலைமுறையினர் சொல்வார்கள். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

எல்லாத் தொற்றும் இப்படி நடந்துகொள்ளாது. டைஃபாய்டும் பல வைரஸ் காய்ச்சல்களும் வெள்ளணுவைக் கூட்டாமல் அப்படியே விடும், அல்லது குறைக்கும். ஆகவே எண்ணிக்கை இயல்பாக இருப்பதால் தொற்று இல்லை என்று முடிவுகட்ட முடியாது. கர்ப்ப காலத்திலும், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் தொற்றே இல்லாமல் நியூட்ரோஃபில் கூடும்.

செல்கள் எவ்வளவு பழுத்தவை?

ஏற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. காப்பிச் செடியில் காய் முதலில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் சிவப்பு. பறிப்பவர் சிவப்பை மட்டுமே கூடையில் போட வேண்டும். எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான்: பிளாஸ்ட் என்ற முதிராத செல் பச்சைக்காய், இடையில் வரும் மைலோசைட் முதலிய பருவங்கள் மஞ்சள், முடிச்சு விழுந்த நியூட்ரோஃபில் பழம். ஆரோக்கியமான ரத்தம் என்ற கூடையில் ஏறத்தாழ எல்லாமே பழமாக இருக்கும்.

தொற்றில் கூடை நிறையப் பழம் இருக்கும். அவசரப் பறிப்பால் சிவக்கத் தொடங்கிய சில செங்காய்களும் சேரும். அவைதான் பேண்ட் செல்கள். பச்சைக்காய் இருக்காது. கடுந்தொற்றில் மொத்தம் 50,000-ஐத் தாண்டி, ஒன்றிரண்டு மைலோசைட்டும் தென்பட்டு நம்மைத் திகைக்கவைப்பது உண்டு. அப்போதும் பழமே மிகுதி.

நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் ஒரே கூடையில் கொட்டிக் கிடக்கும். குறிப்பாக மைலோசைட் தனியாகக் குவிந்திருக்கும். பேசோஃபில் கூடும், தட்டணுவும் பல வேளைகளில் உயர்ந்திருக்கும், இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கியிருக்கும். வியப்பு என்னவென்றால், மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டிய நிலையிலும் சிலர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். காய்ச்சலோ சீழோ இல்லாத ஒருவருக்கு எண்ணிக்கை அவ்வளவு உயர்ந்து, பேசோஃபிலும் கூடியிருந்தால், `BCR-ABL` என்ற மரபணுப் பரிசோதனைதான் அடுத்த படி. ஒன்றன்பின் ஒன்றாக ஆன்டிபயாட்டிக் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

கடும் லுகேமியாவில் கூடையில் பச்சைக்காயும் ஒருசில பழமும் மட்டும் இருக்கும். நடுவில் மஞ்சளே இருக்காது. மஜ்ஜையில் செல்கள் பழுப்பதே நின்றுபோய், பழைய பழத்தில் மிச்சம் மட்டும் ரத்தத்தில் ஓடுவதால் வரும் இடைவெளி அது. ஸ்மியரில் அந்த இடைவெளியைக் கண்டால் நாங்கள் அறிக்கை அச்சாகும்வரை காத்திருப்பதில்லை. மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுவிடுவோம்.

ஹீமோகுளோபினும் தட்டணுவும் என்ன சொல்கின்றன?

வெள்ளணுவைப் பற்றிய கட்டுரையில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். என் அனுபவத்தில் கடும் லுகேமியாவைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு வரிகள்தான். மொத்த வெள்ளணு எண்ணிக்கை பல நேரம் காட்டிக்கொடுப்பதே இல்லை.

ஆத்தூர் பக்கமிருந்து 19 வயது இளைஞர் ஒருவரை அழைத்து வந்தார்கள். பத்து நாளாகக் காய்ச்சல். டெங்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கையில் இருந்த அறிக்கையில் மொத்தம் 5,900, லிம்ஃபோசைட் 74 சதவீதம், தட்டணு 31,000. மொத்தம் இயல்பு, லிம்ஃபோசைட் அதிகம், தட்டணு குறைவு. டெங்கு என்று யாரும் நினைக்கத்தான் செய்வார்கள். ஆனால் அதற்கு மேல் வரியில் ஹீமோகுளோபின் 7.1 என்று இருந்தது. டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர்மம் கசிவதால் ரத்தம் அடர்த்தியாகும். ஹீமோகுளோபினும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமடோக்ரிட்டும் ஏறத்தான் பார்க்கும். பெரிய ரத்தப்போக்கு இல்லாமல் ஏழுக்கு இறங்க அங்கே காரணம் இல்லை. சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் `MCV` 88 என்று இயல்பாக இருந்தது; எனவே இது நாள்பட்ட இரும்புச்சத்துக் குறைவும் இல்லை. சிவப்பணு, தட்டணு என இரண்டு உற்பத்தி வரிசைகளும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன என்றால், பழுது மஜ்ஜை என்ற தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இளைஞரின் ஈறில் ரத்தக் கசிவும் முழங்காலுக்குக் கீழே ஊதாப் புள்ளிகளும் இருந்தன.

ஸ்மியரை வைத்ததும் தெரிந்துவிட்டது. இயந்திரம் லிம்ஃபோசைட் என்று எண்ணியவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்ட் செல்கள். லிம்ஃபோசைட்டின் உட்கருவில் நிறப்பொருள் கட்டிகட்டியாக இருக்கும். இவற்றில் அது மெல்லிய தூளாகப் பரவி, நடுவில் வெளிறிய வட்டங்கள் தெரிந்தன. உட்கருவைச் சுற்றி நூலளவே நீல விளிம்பு. அன்று மாலையே அவரை மஜ்ஜைப் பரிசோதனை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

ஆகவே விதி இது: வெள்ளணு கூடியிருந்தாலும், குறைந்திருந்தாலும், இயல்பாகவே இருந்தாலும், அதோடு ஹீமோகுளோபினும் தட்டணுவும் காரணம் தெரியாமல் சேர்ந்து இறங்கியிருந்தால், அன்றைக்கே ஸ்மியர் பார்க்க வேண்டும். தட்டணு மட்டும் குறைவாக இருந்து உடம்பில் எங்கும் ரத்தக் கசிவு இல்லையென்றால், ஊதா மூடிக் குழாயில் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டதால் இயந்திரம் தவறாகக் குறைத்து எண்ணியிருக்கலாம். அதையும் ஸ்மியர்தான் சொல்லும்.

முதியவர்களுக்கு வேறொரு கோலம் உண்டு. 65 வயதைத் தாண்டிய ஒருவருக்கு லிம்ஃபோசைட் எண்ணிக்கை 5,000-க்கு மேல் ஏறி, மூன்று மாதம் கழித்தும் இறங்காமல் இருந்து, ஸ்மியரில் நசுங்கிய செல்கள் நிறையத் தெரிந்தால், நாள்பட்ட லிம்ஃபாய்டு லுகேமியாவுக்குப் பரிசோதிப்பார்கள். இது மெதுவான நோய். ஒரு வாரத்தில் ஓட வேண்டிய அவசரம் இல்லை.

ஈசினோஃபில் கூடியிருந்தால்

சேலத்தில் இருமலும் இழுப்பும் வந்தால் "எனக்கு ஈஸ்னோபிலியா இருக்கு" என்று சொல்லும் வழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது, ஏதோ அது ஒரு நோயின் பெயர் என்பதுபோல. ஈசினோஃபில் என்ற செல் கூடியிருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் எதுவும் இல்லை. ஏன் கூடியது என்பதுதான் கேள்வி.

இதற்கு எண்ணிக்கையின் அளவு ஓரளவு வழிகாட்டும். ஆஸ்துமா, மூக்கொழுகும் ஒவ்வாமை, தோல் அரிப்பு போன்றவற்றில் ஈசினோஃபில் பெரும்பாலும் 500-க்கும் 1,500-க்கும் இடையில் நிற்கும்; மொத்த வெள்ளணு இயல்பாகவே இருக்கும். ஒவ்வாமை இருந்தும் ஈசினோஃபில் கூடாதவர்கள் நிறையப் பேர், ஆகவே 200 என்று வந்தால் ஒவ்வாமை இல்லை என்று பொருளாகாது. 1,500-ஐத் தாண்டினால் வெறும் தூசி ஒவ்வாமை என்று நிறுத்திக்கொள்ளாமல் மூன்று காரணங்களைத் தேட வேண்டும்.

முதலாவது புழு. நம் மண்ணில் இதுதான் மிகப் பொதுவான காரணம். கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமண்ணில் காத்திருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. நுரையீரல் வழியாகப் பயணித்துக் குடலை அடைந்து ரத்தத்தை உறிஞ்சுகிறது. யானைக்கால் நோயின் புழு சிலருக்கு நுரையீரலில் கடும் எதிர்வினையைக் கிளப்பும்: இரவில் வறட்டு இருமல், இழுப்பு, ஈசினோஃபில் 3,000-க்கு மேல். பார்ப்பதற்கு ஆஸ்துமா போலவே இருக்கும் இதற்கு டை எத்தில் கார்பமசின் மாத்திரையை மூன்று வாரம் கொடுப்பார்கள். இரண்டாவது மருந்து. வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின், யூரிக் அமிலத்துக்கான அலோபூரினால் போன்றவை தொடங்கிச் சில வாரங்களில் காய்ச்சல், உடல் முழுதும் தடிப்பு, முக வீக்கத்தோடு ஈசினோஃபில் ஏறினால், அது வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடிய அரிப்பு அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஈரல் பாதிக்கப்படலாம். மூன்றாவதுதான் ரத்தப் புற்றுநோய். ஈசினோஃபிலே புற்றாக மாறும் நோய் உண்டு, ஆனால் மிக அரிது. புழுவும் மருந்தும் இல்லை என்று உறுதியான பிறகும் எண்ணிக்கை மாதக்கணக்கில் உயர்ந்தே இருந்து, மண்ணீரல் வீங்கி, ஸ்மியரில் முதிராத செல்களும் தெரிந்தால் அந்தப் பக்கம் தேடுவார்கள்.

என்ன மாத்திரை சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தம்?

இந்தக் கேள்வியை நான் ஒவ்வொருவரிடமும் கேட்பதற்குக் காரணம் ஸ்டீராய்டு. ப்ரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற மாத்திரைகளையும் ஊசிகளையும் இருமலுக்கும் அரிப்புக்கும் கை தாராளமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அவை சில மணி நேரத்திலேயே ஈசினோஃபிலையும் லிம்ஃபோசைட்டையும் குறைத்து, நியூட்ரோஃபிலைக் கூட்டிவிடும். ஒவ்வாமைக்காரரின் ரத்தம் தொற்றுக்காரரின் ரத்தம்போல் தோன்றும். பேண்ட் செல்லும் கருத்த துகளும் இல்லாமல் முதிர்ந்த நியூட்ரோஃபில் மட்டும் கூடியிருந்தால் ஸ்டீராய்டைச் சந்தேகிக்கலாம்.

அறிக்கையைக் கெடுப்பது ஒருபுறம், ஆபத்து மறுபுறம். ஸ்ட்ராங்கைலாய்டஸ் என்ற குடல்புழு உள்ளவருக்கு அதை அறியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால், புழு பெருகி உடல் முழுவதும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். கடும் லிம்ஃபாய்டு லுகேமியாவிலோ ஸ்டீராய்டு பிளாஸ்ட் செல்களைத் தற்காலிகமாகக் கரைத்துவிடும். காய்ச்சல் விட்டதுபோல் இருக்கும், நோயைக் கண்டுபிடிப்பது மட்டும் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். ஆகவே காரணம் தெரியாத ரத்த மாற்றம் இருக்கும்போது, ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பே ரத்தம் எடுத்து ஸ்மியர் பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர் பரிசோதனைக்காக அதைத் தாமாகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினால் போதும்.

ஏற்காட்டுப் பெண்ணின் அறிக்கை

இப்போது அந்த நான்காக மடித்த தாளுக்குத் திரும்பலாம். முதல் கேள்விக்கே பாதி விடை கிடைத்தது. தாளின் பின்னால் இணைத்திருந்த இயந்திரச் சீட்டில் `LYM%` 22, `MID%` 29, `GRAN%` 49 என்று இருந்தன. மோனோசைட் என்று யாரும் எண்ணவே இல்லை. நடுப்பெட்டிக்கு மோனோசைட் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்றார். புதிதாக ரத்தம் எடுத்து, லீஷ்மன் சாயமிட்டு, எண்ணெய் விட்டுப் பார்த்தேன். பார்வைப் பரப்பு ஒவ்வொன்றிலும் கண்ணில் பட்டவை ஆரஞ்சுச் சிவப்புத் துகள்கள் திணிந்த செல்கள். துகள்களுக்கு நடுவே மூக்குக்கண்ணாடிபோல் இரண்டு வட்டமாகப் பிரிந்த உட்கரு. ஈசினோஃபில் என்று தயங்காமல் சொல்லக்கூடிய முதிர்ந்த செல்கள். நூறு எண்ணி முடித்தபோது நியூட்ரோஃபில் 41, லிம்ஃபோசைட் 21, மோனோசைட் 4, ஈசினோஃபில் 34. மொத்தம் அன்றும் 14,600 தான். எண்ணிக்கையாக மாற்றினால்:

```
நியூட்ரோஃபில்    5,986
லிம்ஃபோசைட்      3,066
மோனோசைட்           584
ஈசினோஃபில்       4,964
```

முதல் மூன்றும் இயல்பு. கூடியிருந்தது ஈசினோஃபில் ஒன்று மட்டுமே. பேண்ட் செல் இல்லை, பச்சைக்காய் இல்லை, பேசோஃபில் இல்லை.

அடுத்து மற்ற இரண்டு வரிகள். ஹீமோகுளோபின் 8.6, இது குறைவுதான். ஆனால் `MCV` 67. சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருந்தன. அது இரும்புச்சத்துக் குறைவின் முகம். தட்டணு 4,30,000, குறையவில்லை, சற்று உயர்வாகவே இருந்தது. இரும்புக் குறைவில் தட்டணு அப்படி ஏறுவது வழக்கம். ஆத்தூர் இளைஞரின் அறிக்கையை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்: இருவருக்கும் ரத்தசோகை, அங்கே தட்டணு விழுந்தது, சிவப்பணுவின் அளவு மாறவில்லை, இங்கே தட்டணு விழவில்லை, சிவப்பணு சுருங்கியது. அங்கே தொழிற்சாலை பழுது. இங்கே தொழிற்சாலை ஓடுகிறது, இரும்பு என்ற சரக்குதான் வந்து சேரவில்லை, அல்லது எங்கோ கசிகிறது.

ஈசினோஃபில் கூடுதல், இரும்பு நட்டம் இரண்டையும் ஒரே காரணத்தால் விளக்க முடியுமா என்று யோசித்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

"கால்ல அரிப்பு எப்பலிருந்தும்மா?" என்று கேட்டேன்.

"ஐப்பசி மழையில இருந்தே, சார். செருப்பு சேத்துல வழுக்கும்னு கழட்டி வெச்சிட்டுத்தான் பறிப்போம்."

இரவு இருமலோ இழுப்போ இல்லை. தோலில் ஊதாப் புள்ளி இல்லை. அவரைப் பார்த்த மருத்துவர், மண்ணீரல் வீங்கவில்லை என்று குறித்து, மலப் பரிசோதனை எழுதினார். முதல் நாள் மாதிரியில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாதிரியில் இல்லை என்பது முடிவல்ல. முட்டை தினமும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை, கொக்கிப்புழு முட்டை தாமதித்தால் பொரிந்தும்விடும். ஆகவே இன்னும் இரண்டு நாள் காலையில் புதிய மாதிரி கொண்டுவரச் சொன்னோம். மூன்றாம் நாள் மாதிரியில், மெல்லிய ஓட்டுக்குள் நான்கு செல்லாகப் பிரிந்த நீள்வட்ட முட்டைகள் தெரிந்தன. மருத்துவர் அல்பெண்டசோலும் இரும்பு மாத்திரையும் எழுதினார். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மலப் பரிசோதனை செய்யச் சொன்னார்.

ஈசினோஃபில் மறுநாளே இறங்காது. அது இறங்க வாரங்கள் ஆகும். பத்து நாளில் மீண்டும் ரத்தம் எடுத்து, குறையவில்லையே என்று கலங்குபவர்கள் உண்டு என்பதால், ஆறு வாரம் கழித்து வரும்படி தேதியைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். பிப்ரவரித் தொடக்கத்தில் வந்தபோது மொத்தம் 9,200, ஈசினோஃபில் 13 சதவீதம், அதாவது 1,196, ஹீமோகுளோபின் 10.9. மார்ச்சில் மொத்தம் 7,800, ஈசினோஃபில் 6 சதவீதம், அதாவது 468, ஹீமோகுளோபின் 11.8, `MCV` 78. அன்று அவர் காலில் முழங்கால்வரை ஏறிய ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டே வந்திருந்தார். பறிப்பு முடிந்துவிட்டதே என்று கேட்டதற்கு, அடுத்து மிளகு இருக்கிறது என்றார்.